முத்திரைக்காசு டீச்சர் வகை

ஈசாக்குக்குக் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செல்லபாய் டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டே அதைச் சொன்னார். பெரிய விஷயங்களையெல்லாம் டீச்சர் கையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

"மக்கா ஈசாக்கே, முத்திரைக்காசு முழுசும் நான் குடுக்கேன். உனக்க பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். பதிவுக்குள்ள ஃபீசும் எனக்க வகை. வெள்ளிக்கிழமை ஷிஜிக்க ஆபீசுல வரச்சொல்லியிருக்கு. நீ வந்து நின்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"டீச்சறே, அது... நிங்களுக்கு எதுக்கு வீணா செலவு?"

"ரண்டு மாசமா பாதி பாதின்னு நீதானே எனக்க காதைத் தின்னே? இப்போ முழுசா தாறேன்னா மோறையில எந்தா ஒரு வாட்டம்?"

வாட்டத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை ஈசாக் யாரிடமும் சொல்ல முடியாது. முக்கியமாக டீச்சரிடம் சொல்லவே முடியாது.

ஈசாக் வயரிங் வேலைக்காரன். பாறசாலை முதல் அமரவிளை வரை அவன் சுவரைக் கீறாத புதுவீடு குறைவு. ஊரெல்லாம் வீட்டுக்கு வெளிச்சம் வைத்தவனுக்குச் சொந்தமாக ஒரு சுவரில்லை. கல்யாணம் முடிந்த நாள் முதல் வாடகை வீடுதான். அதுவும் பதினோரு மாத வாடகை. ஒரு வருஷத்துக்கு மேல் எழுதினால் பதிவு செய்ய வேண்டும். பதிவென்றால் முத்திரைக்காசு, ஃபீஸ், அலைச்சல். போதாததற்கு, வாடகைக்காரன் கொஞ்சம் கூடுதல் நாள் கிடந்தால் வீடே அவனுக்குப் போய்விடும் என்று இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. குடியிருப்பவனுக்கே இடம் என்ற குடிகிடப்புச் சட்டம் வந்த காலத்துப் பயம். சட்டம் பழசாகிவிட்டாலும் பயம் இன்னும் புதுசாகவே இருக்கிறது. அதனால் எல்லாரும் பதினோரு மாதம் எழுதுவார்கள். பத்தாவது மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வந்து, மகளுக்குக் கல்யாணம், தம்பி வெளிநாட்டிலிருந்து வருகிறான், ஓட்டைப் பிரித்து மாடி எடுக்கப்போகிறோம் என்று ஏதாவது ஒன்றைத் தலை சொறிந்துகொண்டு சொல்வார். ஈசாக் பெட்டி ஆட்டோவுக்கு ஆள் அனுப்புவான். அவன் மகள் தன்யாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்தபோது அவள் முதலில் வாசித்தது 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைத்தான்.

டீச்சர் தன் வீட்டை ஒட்டி வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கு வந்தபோதுதான் ஈசாக் ஒரு முடிவு எடுத்தான். மூன்று வருஷம் எழுத வேண்டும், பதிவு செய்ய வேண்டும், நடுவில் ஒருத்தரும் அசைக்கக் கூடாது. டீச்சர் மறுப்பார் என்று நினைத்து ஒரு மணிநேரப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனான். டீச்சர் "செரி" என்றார். தயார் செய்த பேச்சு வீணாகிப்போனதில் அவனுக்குச் சின்ன வருத்தம்கூட இருந்தது.

எழுதுவதையும் தானே எழுதினான். அங்கேதான் சனி பிடித்தது. வயரிங் வேலையில் எந்த வீட்டுக்காரனாவது "நானே பாத்து செய்துட்டேன்" என்று சொன்னால் ஈசாக்குக்குக் கோபம் வரும். படிச்ச ஆளிடம் கேட்டுச் செய்தால் என்ன என்று திட்டுவான். அதே ஈசாக், போனில் தேடி ஒரு வாடகைச்சீட்டை இறக்கி, களியக்காவிளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து பெயரை மாற்றினான். அப்போது கேரளத்தில் முத்திரைத்தாள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எந்தக் கடையில் கேட்டாலும் "தாளு இல்ல, இன்னும் வரல்ல" என்றார்கள். களியக்காவிளையிலோ கேட்ட உடனே எடுத்து நீட்டினார்கள். பாறசாலைக்காரனுக்குக் களியக்காவிளை என்பது வேறு மாநிலமே இல்லை. மீன் வாங்கப் போகிற இடம். அங்கேயே தாளும் வாங்கி, அங்கேயே அச்சடித்து, மறுநாள் டீச்சர் வீட்டு சிட்டவுட் திண்ணையில் வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அது பெங்களூரில் ஏதோ கம்பெனி ஆபீஸ் எடுப்பதற்காக எழுதின சீட்டு. லிப்ட் பராமரிப்பு யார் பொறுப்பு என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. சிற்றுண்டிச்சாலையை எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்றும் உண்டு. டீச்சர் அவனுக்குக் கொடுத்ததோ ஓடும் காங்கிரீட்டும் பாதிப்பாதியாகக் கலந்த ஒற்றைத்தள வீடு. இதையெல்லாம் ஈசாக் பார்க்கவில்லை. அவன் பார்த்துப் பார்த்து ரசித்தது ஒரே நிபந்தனையைத்தான்: மூன்று வருஷத்துக்குள் இரு தரப்பில் யாரும் இதை முடிக்கக் கூடாது, வாடகைக்காரன் இடையில் போனால் மீதிக் காலத்து வாடகை முழுவதையும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதன் முதல் பாதியை அவன் பத்து தடவை வாசித்தான்.

பதிவு மட்டும் பாக்கி நின்றது. முத்திரைக்காசை யார் கொடுப்பது என்று தகராறு. மூன்று வருஷச் சீட்டென்றால் வாடகை, முன்பணம், காலம் மூன்றையும் பார்த்துத்தான் முத்திரை போட வேண்டும், பதினோரு மாதத்து ஒற்றைத்தாள் போதாது என்று ஷிஜி போனில் சொல்லியிருந்தாள். ஷிஜி ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுகிறவள். "சீட்டுல யாரு கொடுக்கணும்னு எழுதல்லேன்னா சட்டப்படி வாடகைக்காரனாக்கும் கொடுக்கணும்" என்றும் சொன்னாள். ஈசாக் பாதிக்குப் பாதி என்றான். டீச்சர், "வீட்டுக்குள்ள கிடந்து உறங்கப்போறது நீயா நானா?" என்றார். இப்படி வாரங்கள் போயின. கையெழுத்துப் போட்டு நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் இருவருமே அவசரப்படவில்லை.

அப்போதுதான் ரெஜிலாவுக்கு பி.எஸ்.சி. ஆர்டர் வந்தது.

ரெஜிலா அவன் மனைவி, நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அரசாங்க வேலைக்கு எழுதி எழுதி, வயசு வரம்பு தாண்டும் நேரத்தில் லிஸ்டில் ஏறி, வயநாட்டில் ஸ்டாஃப் நர்ஸ். கேரளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. அவள் அழுதாள், சிரித்தாள், அம்மாவுக்குப் போன் செய்தாள். பிறகு அலமாரியைத் திறந்து வாடகைச்சீட்டை எடுத்து, ஈசாக் வாசிக்காமல் விட்ட அந்த இரண்டாம் பாதியை வாசித்தாள்.

"இதை யாரு எழுதினது?"

"பெங்களூருல ஏதோ வக்கீலு."

"அதுக்குக் கீழ ஒப்பு போட்டது எந்த வக்கீலு?"

ஈசாக் மின்விசிறியைப் பார்த்தான். ரிப்பேர் ஒன்றுமில்லாத மின்விசிறி.

"நம்மள ஒருத்தரும் வெளிய தள்ளக் கூடாதுன்னு எழுதினேன், ரெஜிலா."

"நல்ல காரியம். நம்மளே வெளிய போக முடியாதபடிக்கு எழுதி வெச்சிருக்கீங்க. வயநாட்டுல ஒரு வாடகை, இஞ்ச மூணு வருஷத்து வாடகை. எனக்க சம்பளத்தை நேரா டீச்சறுக்க அக்கவுண்டுலயே போடச் சொல்லவா?"

அன்று முதல் ஈசாக்குக்கு ஒரே வேலைதான். முத்திரைக்காசுத் தகராறை அணையாமல் காப்பாற்ற வேண்டும். பதிவாகாத வரை ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. என்ன வழி என்று தெரியாது. டீச்சர் கால்வாசி இறங்கி வந்தால் இவன் கால்வாசி ஏறிக்கொள்வான். குளிருக்கு அடுப்பை ஊதுகிற மாதிரி அந்தச் சண்டையை ஊதி ஊதி வளர்த்தான். ரெஜிலாவுக்கு வேலை கிடைத்ததை டீச்சரிடம் மூச்சுவிடவில்லை. தன்யாவையும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வாயடைத்தான்.

அப்படிக் காப்பாற்றிய சண்டையைத்தான் டீச்சர் கறிவேப்பிலையோடு சேர்த்து ஒடித்துப் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை ராஜதாஸின் ஆட்டோவில் போனார்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவன் ராஜதாஸ்; இன்னொரு ஆளை ஷிஜி பார்த்துக்கொள்வாள். ஆட்டோக்காரன் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருந்தான்.

"அண்ணா, எனக்க ஒப்பு எந்த இடத்துல போடணும்? ரண்டு நாளா எழுதிப் பழகிட்டிருக்கேன்."

"நீ வண்டியைப் பாத்து ஓட்டு" என்றான் ஈசாக்.

பின்சீட்டில் டீச்சர் மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈசாக். பைக்குள்ளே அவன் கொடுத்த முத்திரைத்தாள். அமரவிளைப் பாலம் வந்தபோது ஆற்றைப் பார்த்து ஒரு நிமிஷம், குதித்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. நீச்சல் தெரியும் என்பதால் பிரயோசனமில்லை.

ஷிஜியின் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. ஷிஜி கண்ணாடியை மூக்கில் இறக்கிச் சீட்டை வாங்கினாள். முதல் தாளைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு சீட்டை மேசையில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஈசாக்கண்ணா, இதை எங்க வாங்கினீங்க?"

"களியக்காவிளையில."

"இது தமிழ்நாடு சர்க்காருக்க முத்திரையாக்கும். வீடு இருக்குறது கேரளத்துல. இந்த வீட்டுக்கு முத்திரைக்காசு கேரளத்துக்குப் போவணும். இதைக் கொண்டுபோய் ரெஜிஸ்ட்ரார் மேடத்துக்க முன்னால வெச்சா ரண்டாவது தாளைக்கூடத் திருப்ப மாட்டாங்க."

ஈசாக்குக்குக் காதில் ஏதோ மணி அடித்தது.

"அது மட்டுமில்ல" என்று ஷிஜி அடுத்த தாளுக்குப் போனாள். அவளால் நிறுத்த முடியவில்லை. "சொத்து விவரம்னு எழுதியிருக்கு: கிழக்கு பள்ளி, மேற்கு பலா. சர்வே நம்பர் எங்க? வில்லேஜ், தாலுக் எங்க? பஞ்சாயத்து போட்ட கட்டட நம்பர் எங்க? பலாமரத்தை வெச்சு ரெஜிஸ்ட்ரார் வீட்டைக் கண்டுபிடிக்கணுமா?"

"நல்ல காய்க்குற பலா" என்றார் டீச்சர் மெல்ல.

"வாடகைக்காலம் எண்ணைக்குத் தொடங்குதுன்னு தேதி இல்ல. இஞ்ச அடிச்சுத் திருத்தியிருக்கு, பக்கத்துல ஒருத்தருக்க ஒப்பும் இல்ல. ஒரு இடம் சும்மா வெறுமையா விட்டிருக்கு. மேடம் பாக்குறது இதையாக்கும்: யாரு கொடுக்குறது, யாரு எடுக்குறது, அடையாளக் கார்டு, நிலவரி கட்டின கரம் ரசீது, எந்தச் சொத்து, எத்தனை காலம், வாடகையும் முன்பணமும் எத்தனை, அதுக்குத் தக்க முத்திரை சரியா இருக்கா, வெட்டு திருத்து உண்டா. பின்ன ரண்டு பேரும் நேருல வந்து, ஆமா நான் போட்ட ஒப்புதான்னு சொல்லணும்."

"அப்போ இந்த நிபந்தனை எல்லாம்?" என்று ஈசாக் கேட்டான். "இந்த... மூணு வருஷம் போகக் கூடாதுங்குறது?"

"அது நிங்க ரண்டு பேருக்க காரியம். நியாயமா அநியாயமான்னு அவங்க கேக்க மாட்டாங்க. லிப்ட் இல்லாத வீட்டுக்கு லிப்ட் எழுதினாலும் அவங்களுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் சிரிச்சுச் சாவேன்."

"செரி. இப்போ இந்தக் கடலாசுக்கு என்ன மதிப்பு?"

"ஒரு மதிப்பும் இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல உள்ள சீட்டு பதிவு செய்யல்லேன்னா மூணு வருஷம்னு பிடிச்சு நிறுத்த முடியாது. வாடகை மாசாமாசம் வாங்குற வகையில மாசவாடகைதான். போவணும்னா பதினஞ்சு நாள் முன்னால எழுதிக் கொடுத்துட்டுப் போவலாம். மூணு வருஷம் வேணும்னா புதுசா எழுதணும், கேரளத்து இ-ஸ்டாம்பு எடுக்கணும், ரண்டு பேரும் மறுபடியும் ஒப்பு போடணும்."

மறுபடியும் ஒப்பு போடணும். ஈசாக் அதை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். போடாவிட்டால்? போடாவிட்டால் ஒன்றுமில்லை. தன் முட்டாள்தனத்தால் தன்னைப் பூட்டிக்கொண்டவன், அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தால் திறந்துகொண்டுவிட்டான். தன் புத்தியைப் பற்றி அவன் இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை. மூச்சு நெஞ்சு முழுவதும் இறங்கியது. வயநாட்டுக் குளிர்கூட மூக்கில் லேசாக அடித்தது.

"திங்கக்கிழமைக்கு எழுதி வைக்கவா?" என்று ஷிஜி கேட்டாள்.

டீச்சர் ஈசாக்கைப் பார்த்தார். ஈசாக் ராஜதாஸைப் பார்த்தான். ராஜதாஸ் தன் பேனாவைப் பார்த்தான்.

"ஒரு சாயா குடிச்சிட்டு சொல்லுகோம்" என்றார் டீச்சர்.

கீழே சாயாக்கடையில் ராஜதாஸ் பழம்பொரியோடு தள்ளி உட்கார்ந்தான். டீச்சர் சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஈசாக் மூன்று தடவை வாயைத் திறந்து மூடினான். நாலாவது தடவை சொல்லியே விட்டான்.

"டீச்சறே, ரெஜிலாவுக்கு வயநாட்டுல சர்க்கார் வேலை கிட்டியிருக்கு. நாங்க போவணும். நான் சொல்லாம இருந்தது தப்பு."

"எனக்கு அறியும்."

"எப்படி அறியும்?"

"உனக்க மாமியாரு போன மாசம் பள்ளியில ஸ்தோத்திர காணிக்கை வெச்சால்லியா? மகள் ரெஜிலாவுக்கு அரசு உத்தியோகம் கிடைத்ததற்காகன்னு போதகர் மைக்குல வாசிச்சாரு. பள்ளி முழுக்க ஆமென் சொல்லிச்சு. நீ அண்ணைக்கு ஏதோ வீட்டுல வயர் இழுக்கப் போயிருந்தே."

ஈசாக்குக்கு, தன்யாவுக்கு வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து உருகியது.

"அறிஞ்சுட்டுத்தானா முத்திரைக்காசு முழுசும் தாறேன்னு சொன்னீங்க?"

"அறிஞ்சதுனாலயாக்கும் சொன்னேன்." டீச்சர் கிளாஸை வைத்தார். "நீ போறதுக்கு முன்னால பதிஞ்சு போடணும்னு. உன்னப் பூட்டத்தான். சாயாவைக் குடி, ஆறுது."

ஈசாக் குடிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற டீச்சர். மீன் கழுவிய தண்ணீரைக்கூட மதிலுக்கு இந்தப் பக்கம் ஊற்றாதவர்.

"ஜிஜோ கிறிஸ்மசுக்கு வாறான்" என்றார் டீச்சர். ஜிஜோ அவர் மகன், துபாயில். "ரண்டு வீட்டையும் வித்துட்டு என்னைக் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போவணுமாம். அங்க பத்தாவது மாடியில ஃப்ளாட் எடுத்து இட்டிருக்கான். அவன் துபாயில, நான் பத்தாவது மாடியில. ரண்டும் ஒரே ஆதாரத்துல, எனக்க பேருல. நான் ஒப்பிடாம விக்க முடியாது. ஆனா எனக்க மொவனிட்ட இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவன் அம்மான்னு ஒண்ணு இழுத்துச் சொன்னா நான் எங்க வேணும்னாலும் ஒப்பு போடுவேன். போன லீவுக்கு வந்தப்பளே அரைமனசுல செரின்னு சொல்லியாச்சு."

"அதுக்கு இந்த வாடகைச்சீட்டு?"

"வீடு வாங்க வாறவன் முதல்ல வில்லங்கம் உண்டான்னு பாக்க குடிக்கட சர்ட்டிபிகேட் எடுப்பான். பதிஞ்ச சீட்டு அதுல காணும். மூணு வருஷத்துக்கு வாடகைக்காரனை இறக்க முடியாதுன்னு கண்டா எவனும் முன்பணம் தர மாட்டான். நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம், கடலாசு சொல்லிக்கும். அதுக்குத்தான் நீ மூணு வருஷம் கேட்டப்போ நான் உடனே செரின்னது. நீ என்ன நெனச்சே, உனக்க சாமர்த்தியம்னா?"

ஈசாக் அப்படித்தான் நினைத்திருந்தான்.

"இனி உனக்க இஷ்டம்" என்று டீச்சர் எழுந்தார். "கடலாசு செத்துப்போச்சு. நீ போனா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். ராஜதாசே, வண்டியை எடு."

திரும்பி வரும்போது அமரவிளைப் பாலத்தில் ஆறு அதே ஆறாகத்தான் ஓடியது. ஈசாக் விடுதலையாகி ஒரு மணிநேரம்தான் ஆகியிருந்தது; அதற்குள் காலர் இறுக்கத் தொடங்கிவிட்டது.

வீட்டில் ரெஜிலா சாமான்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் முத்திரை விஷயத்தைச் சொன்னபோது கையிலிருந்த குக்கரைக் கீழே வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள்.

"நிங்க முட்டாளா இருந்ததுல ஒரு உபகாரம் நடந்தது இதுதான் முதல் தடவை."

அவன் மீதியையும் சொன்னான். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் குக்கரின் மூடியைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள்.

"வேண்டாம். நிங்களுக்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல்லியே."

"அதுதான் பயமா இருக்கு. டீச்சர் நம்மளை ஏமாத்திப் பூட்டப் பாத்தாங்க. அது ஓர்மை உண்டா?"

"உண்டு. நானும் ஒரு மாசமா டீச்சரை ஏமாத்தினேன். அது கணக்குல கழிஞ்சு போச்சு."

"அந்தக் கணக்கு எல்லாம் உங்களுக்கு உடனே வரும்." அவள் தரையில் உட்கார்ந்தாள். "நான் அங்க தனியா, தன்யாவையும் வெச்சுட்டு, நைட் டூட்டியும் பாத்து... எத்தனை நாளு?"

"சீட்டைப் பதிஞ்சுட்டு, ஜிஜோ லீவு முடிஞ்சு போறது வரைக்கும் இஞ்ச இருக்கேன். ஜனவரியில வந்துருவேன்."

"வாடகைக்காரன் போனா பின்ன அடுத்த லீவுக்கு டீச்சர் என்ன செய்வாங்க?"

"அது தெரியல்ல. அதுக்குள்ள வேற ஆளை வைக்கலாம். இல்லேன்னா டீச்சருக்கு இல்லேன்னு சொல்லப் பழகிக்கிடும்."

"நிங்களுக்குப் பழகல்லியே, இத்தனை வயசாச்சு!" ரெஜிலா ஒரு அட்டைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு பெட்டியிலிருந்து அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கத் தொடங்கினாள். அவனால் அதைப் பார்க்க முடியவில்லை. கடைசிச் சட்டையை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஒரு காரியம். சீட்டை நிங்க எழுதக் கூடாது. ஷிஜி எழுதட்டும். ஒப்பு போடுறதுக்கு முன்னால எனக்குப் போன்ல அனுப்பணும். நான் வாசிச்சு செரின்னு சொல்லணும்."

ஞாயிறு சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். வீட்டுக்குள் பாதிச் சாமான் இல்லை. மீதியிருந்த பாதிக்கு நடுவில், வருஷக்கணக்காக அவன் ஆசைப்பட்ட, யாரும் அவனை வெளியே தள்ள முடியாத வீடு இருந்தது. அவன் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை ஷிஜி புதுச் சீட்டை வைத்தாள். மலையாளத்தில், சர்வே நம்பரோடு, லிப்ட் இல்லாமல். வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்குள் வாடகைக்காரரை இறக்கக் கூடாது. வாடகைக்காரர் மூன்று மாதம் முன்னறிவிப்பு கொடுத்துப் போகலாம், மீதிக் காலத்து வாடகை கேட்கக் கூடாது. ரெஜிலா வாசித்துவிட்டு 'செரி' என்று ஒரே சொல்லை அனுப்பியிருந்தாள்.

"ஒரு காரியம் பாக்கி" என்றாள் ஷிஜி. "முத்திரைக்காசு யாரு வகைன்னு எழுதிரலாம். இல்லேன்னா பின்னயும் தகராறு."

"நான்" என்றார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சறே, சட்டப்படி வாடகைக்காரன்தான் கொடுக்கணும்" என்றான் ஈசாக்.

"சட்டத்தை இப்போதானா நீ படிச்சே? காரியம் எனக்க காரியம்."

"பாதியாவது..."

"எலே, பாதின்னு இனி ஒரு வார்த்தை சொன்னேன்னா நான் எழும்பிப் போயிருவேன்."

ஷிஜி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருபது வருஷமா ஆதாரம் எழுதுகேன். காசு நான் குடுக்கேன்னு சண்டை போடுற கட்சிக்காரங்களை இண்ணைக்குத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் பெயரையே எழுதினாள். ஈசாக் எழுத்துக்கூலி கொடுத்தான். ராஜதாஸுக்கு பிரியாணி வாங்கித் தருவதும் அவன் வகை என்று வாய்மொழியாக முடிவாயிற்று.

சப்ரெஜிஸ்ட்ரார் நிதானமான பெண். கார்டுகளையும் முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கரம் ரசீதிலிருந்த சர்வே நம்பரைச் சீட்டில் விரலால் தொட்டுப் பார்த்தார். முத்திரையைச் சரிபார்த்தார். கட்டட நம்பரில் ஒரு எண் திருத்தியிருந்த இடத்தைக் காட்டினார். பக்கத்தில் இருவரும் சிறு கையெழுத்துப் போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். பெருவிரலை மையில் ஒற்றினார்கள். வயர் உரித்து உரித்துத் தேய்ந்துபோன ஈசாக்கின் விரல் முதலில் வெறும் கறையாகத்தான் விழுந்தது. இரண்டாவது தடவை அழுத்த வேண்டியிருந்தது.

"வாயிச்சு மனசிலாயோ?" வாசித்துப் புரிந்ததா என்று அவர் மலையாளத்தில் கேட்டார்.

"மனசிலாயி, மேடம்."

"ஸ்வந்தம் இஷ்டத்தினு ஒப்பிட்டதல்லே?"

ஈசாக் திரும்பிப் பார்த்தான். ராஜதாஸ் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தயாராக நின்றான். டீச்சர் ஈசாக்கின் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. சொந்த இஷ்டமா என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல அரை நாள் வேண்டும். ரெஜிலாவையும் தன்யாவையும் துபாயிலிருக்கும் ஒருவனையும் கூப்பிட வேண்டும். பின்னால் டோக்கனோடு ஆட்கள் நின்றார்கள்.

"ஆணு, மேடம்" என்று தலையாட்டினான்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினபோது டீச்சர் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜிஜோ மக்கா! சுகமா? ... ஓ, அந்த ஆளு வீடு பாக்க வாறானா? அய்யோ, பின்ன எந்து செய்யும், வீடு மூணு வருஷத்துக்கு ரெஜிஸ்டர் செய்து குடுத்துப்போச்சே! ... எனக்கு என்ன அறியும் மக்கா? ஈசாக்கு ஒற்றைக்காலுல நிண்ணான். பதிஞ்சு தராம விட மாட்டேன்னான். நான் வயசான மனுஷி, எத்தனைதான் பேசிட்டு நிக்க? ... நீயே கேளு, பக்கத்துலதான் இருக்கான்."

போன் ஈசாக்கின் கைக்கு வந்தது. காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. துபாய் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஒரு பாவப்பட்ட விதவையைப் பயமுறுத்தி வீட்டை வளைத்துப் போட்டவன் என்பதில் தொடங்கி, கிறிஸ்மசுக்கு வரும்போது நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்பது வரைக்கும் ஜிஜோ மூச்சு விடாமல் பேசினான். ராஜதாஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். டீச்சர் முகத்தைத் திருப்பி, சாலையோரத்து வாழைப்பழக்கடைகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

ஈசாக் துபாய் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தான்.

"ஆமா தம்பி" என்றான். "நானாக்கும் பிடிவாதம் பிடிச்சேன். அம்மா எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க."